ஒற்றை காலண்டரா, இரட்டை காலண்டரா?

ஒரு பங்கு 100 ரூபாயில் இருக்கிறது, 95-க்கும் 105-க்கும் இடையே ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலண்டர் ஸ்ப்ரெட் என்ற ஆப்ஷன் உத்தியின் ஒற்றை வடிவில் 100 ஸ்ட்ரைக்கில் இந்த மாத ஆப்ஷனை விற்று, அடுத்த மாத ஆப்ஷனை வாங்குகிறோம். இரட்டையில் அதையே 95 புட் ஆப்ஷனிலும் 105 கால் ஆப்ஷனிலும் செய்கிறோம். செலவு பொதுவாகக் கூடும்.

எக்ஸ்பைரி நெருங்க, ஒற்றையின் லாபம் 100-ஐச் சுற்றிக் கூர்மையாகும். இரட்டையின் லாபக் கோடோ தொடக்கத்தில் ஒரே அகன்ற மேடு. கடைசி வாரத்தில் 95, 105 இரண்டிலும் உச்சி எழும்ப, நடுவே பள்ளம் விழும். ஸ்ட்ரைக்குகள் மிகவும் தள்ளி இருந்தால் அந்தப் பள்ளம் நஷ்டத்துக்கே இறங்கும். அப்புறம், ஐவி, அதாவது ஆப்ஷன் விலையில் தெரியும் எதிர்பார்ப்பு ஏற்ற இறக்கம், சரிந்தால் வாங்கிய இரண்டு ஆப்ஷன்களும் மெலிந்து பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ரேஞ்சின் ஓரங்களைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் பங்குக்கு நான் இரட்டையையே எடுப்பேன். 100-லேயே படுத்துக்கிடக்கும் பங்குக்கு ஒற்றை போதும்.