தொலைந்த கைப்பேசியை வெளியேற்ற: டெலிகிராமுக்கு ஒரு நிமிடம், வாட்ஸ்ஆப்புக்குப் பதினெட்டு மணி நேரம்

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறும் நெரிசலில் என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி போய்விட்டது. மேலூர் தாண்டும்போதுதான் பையைத் தடவிப் பார்த்தேன். மணி 5.40. இறங்கி ஓடிப் பயனில்லை. மடியில் இருந்த மடிக்கணினியைத் திறந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டு வாங்கினேன். அப்போது என் கவலை கைப்பேசியின் விலையைப் பற்றியது அல்ல. வீட்டுப் பத்திரத்தின் படங்கள், அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், மூன்று ஆண்டுகளின் வாடிக்கையாளர் உரையாடல்கள் எல்லாம் வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் கிடந்தன. கைப்பேசிப் பூட்டோ நாலு இலக்க எண். பின்னால் நின்றவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்திருந்தால் அதுவும் போயிற்று.

அன்று மாலையும் மறுநாள் காலையும் இரண்டு செயலிகளிலும் ஒரே வேலையைத்தான் செய்தேன்: திருடன் கையில் இருக்கும் கருவியை என் கணக்கிலிருந்து வெளியே தள்ளுவது. இரண்டும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகு, முக்கியமான கோப்புகள் போய்வரும் பேச்சை டெலிகிராமுக்கு மாற்றிவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தேடவேண்டாம்.

டெலிகிராமில் கைப்பேசி, மடிக்கணினி, டேப்லெட் எல்லாம் சரிசமம். உரையாடல்கள் அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன. லாகின் செய்த ஒவ்வொரு கருவியும் அதைப் பார்க்கும் ஒரு ஜன்னல். எந்த ஜன்னலில் இருந்தும் மற்ற ஜன்னல்களை மூடலாம். வாட்ஸ்ஆப் அப்படியல்ல. அங்கே கைப்பேசிதான் குடும்பத் தலைவர். அதோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். தலைவர் நினைத்தால் அவற்றை வெளியேற்றலாம். அவை தலைவரை வெளியேற்ற முடியாது. மடிக்கணினியில் வாட்ஸ்ஆப் வெப் திறந்துதான் இருந்தது. செய்திகள் வந்துகொண்டிருந்தன. ‘என் கைப்பேசி திருட்டுப் போய்விட்டது, யார் பணம் கேட்டாலும் அனுப்பாதீர்கள்’ என்று குடும்பக் குழுவில் எழுத முடிந்தது. திருடனை வெளியேற்றும் பொத்தான் மட்டும் அதில் எங்கும் இல்லை.

டெலிகிராமில் அந்தப் பொத்தான் Settings பகுதியில் Devices என்ற பெயருக்குள் இருக்கிறது. கணினிப் பதிப்புகள் சிலவற்றில் Active Sessions என்று இருக்கும். உள்ளே போனால் லாகின் ஆன கருவிகளின் பெயர், ஊர், கடைசியாகப் பயன்பட்ட நேரம் எல்லாம் வரிசையாகத் தெரியும். தொலைந்த கைப்பேசியை மட்டும் தேர்ந்து நீக்கத்தான் முதலில் கை போகும். அது போதாது. புதிதாக லாகின் செய்யும்போது டெலிகிராம் அனுப்பும் எண், எஸ்எம்எஸ் வழியாக அல்லாமல், ஏற்கெனவே லாகின் ஆன செயலிக்குள்ளேயே செய்தியாக வரும். பூட்டுத் திறந்த கைப்பேசி கையில் இருந்தால், திருடன் அந்த எண்ணைப் பார்த்து வேறொரு கருவியிலும் உங்கள் கணக்கைத் திறந்து வைத்திருக்கலாம். இரண்டாம் அடுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அது நடக்காது, நான் போட்டிருக்கவில்லை. அதனால் Terminate All Other Sessions என்பதை அழுத்தி, மடிக்கணினி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மூடினேன். ஹாட்ஸ்பாட் இணைந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிம் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை.

இதே பொத்தான் திருடன் கையிலும் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அவன் முந்திக்கொண்டு அழுத்தியிருந்தால் வெளியே போயிருப்பது என் மடிக்கணினி. சரிசமம் என்றால் இரண்டு பக்கமும் சமம்தான்.

வாட்ஸ்ஆப்புக்கு வருகிறேன். அங்கே இருக்கும் உறுதியான வழி ஒன்றே: அதே எண்ணை வேறொரு கைப்பேசியில் பதிவது. பதிந்த கணமே பழைய கைப்பேசி வெளியேறிவிடும். அதற்கு எண் வேண்டும், எண்ணுக்கு சிம் வேண்டும், சிம்முக்குக் கடை திறக்கவேண்டும். இரவு ஏழரைக்குத் திருச்சியில் இறங்கியபோது கடை மூடியிருந்தது. மறுநாள் பத்தரைக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, அண்ணனின் பழைய கைப்பேசியில் போட்டு, வாட்ஸ்ஆப் நிறுவி எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அரை மணி நேரம் சிக்னலைக் குறை சொன்ன பிறகுதான் கடைக்காரர் காரணம் சொன்னார். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் போட்ட கட்டுப்பாடு அது. நல்ல விதிதான், எனக்குத்தான் அன்று அது குறுக்கே வந்தது. அழைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் எண்ணைச் சொல்லும் Call me வழியைத் தேர்ந்தேன். பதினொன்றரைக்கு ஒரு குரல் ஆறு இலக்கங்களை வாசித்தது. அதை உள்ளிட்டதும் வேலை முடிந்தது. 5.40இலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ 18 மணி நேரம்.

வாட்ஸ்ஆப்பின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. ஆறு இலக்க இரண்டாம் அடுக்கு எண்ணை நீங்கள் மறந்திருந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால், உங்கள் கணக்குக்குள் நுழைய 7 நாள் காத்திருக்கவேண்டும். ஆனால் ஓடிபியை உள்ளிட்ட அந்த நொடியிலேயே திருடன் வெளியேறிவிடுவான். நீங்கள் உள்ளே போகாவிட்டாலும் அவன் உள்ளே இருக்கமாட்டான். புதிய கைப்பேசியில் பதியும்போது மடிக்கணினியில் இருந்த வெப் இணைப்பும் அறுந்துபோகும். பேக்கப் வைக்காதவர்கள் அதற்கு முன்பே தேவையானவற்றை மடிக்கணினியிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொன்னபின் டெலிகிராமே வென்றது என்று தோன்றும். என் தம்பிக்கு நேர்ந்ததைச் சொன்னால் அப்படித் தோன்றாது. சென்ற ஆண்டு அவன் கைப்பேசி தொலைந்தபோது டெலிகிராம் அதில் மட்டும்தான் இருந்தது. புதிய சிம், புதிய கைப்பேசி, புதிய லாகின் எல்லாம் முடித்து, பழைய கருவியை நீக்கப் போனால் அனுமதி இல்லை. லாகின் செய்து 24 மணி நேரம் ஆகாத கருவி, தனக்கு முன்பு லாகின் ஆன கருவிகளை வெளியேற்ற முடியாது என்பது டெலிகிராமின் விதி. ஓடிபியைத் திருடி உள்ளே வருபவன் உண்மையான உரிமையாளரை உடனே வெளியே தள்ளிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் அது திருடனுக்கும் சொந்தக்காரனுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. பழையவன் யார், புதியவன் யார் என்று மட்டும் பார்க்கிறது. தம்பி புதியவன். தொலைந்த கைப்பேசி பழையது. ஒரு பகலும் ஒரு இரவும் அவன் தன் பெயருக்குக் கீழே அந்தக் கருவியின் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆகவே கேள்வி எந்தச் செயலி என்பதே அல்ல என்றுகூடச் சொல்லலாம். கைப்பேசி தொலைவதற்கு முந்தைய நாளே லாகின் ஆன இன்னொரு கருவி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இருந்தால் டெலிகிராம் ஒரு நிமிடம். இல்லாவிட்டால் சிம் வாங்கும் நேரம், அதன்மேல் இன்னும் 24 மணி நேரம். அந்த நிலையில் வாட்ஸ்ஆப்தான் சிறந்தது, தயங்காமல் சொல்வேன்.

வெளியேற்றினால் பழைய செய்திகள் கைப்பேசியிலிருந்து அழிந்துவிடுமா? டெலிகிராமில், அந்தக் கைப்பேசி அடுத்த முறை இணையத்தைத் தொடும்போது செயலி தன்னை லாக் அவுட் செய்துகொண்டு, உள்ளே சேமித்ததை அழிக்கும். ரகசிய உரையாடல்களும் அதோடு போகும். அவை மடிக்கணினிக்கு வருவதில்லை என்பதால் உங்களுக்கும் போயிற்று. இணையத்தைத் தொடாதவரை எதுவும் அழியாது. வாட்ஸ்ஆப்பில் செயலி பூட்டிக்கொள்ளும். ஆனால் வந்த படங்களும் வீடியோக்களும் கைப்பேசியின் Android/media/com.whatsapp கோப்புறையில் அப்படியே இருக்கும், கேலரியிலும் தெரியும். என் பத்திரப் படங்கள் அங்கேதான் இருந்தன. இரண்டு செயலிகளிலும் கேலரிக்குப் போன படத்தை லாக் அவுட் தொடாது.

அதற்குத் தீர்வு கூகுளின் Find Hub வழியாகக் கைப்பேசியை மொத்தமாக அழிப்பது. இதில் நான் செய்த தவறு வரிசை பற்றியது. பதற்றத்தில் முதலில் சிம்மை முடக்கச் சொல்லிவிட்டேன். சிம் முடங்கியதும் கைப்பேசியின் இணையமும் நின்றது. அழிக்கும் கட்டளை அது ஏதாவது வைஃபையில் சேரும்வரை வழியிலேயே நின்றுவிட்டது. அழிப்பு முதலில், சிம் முடக்கம் அதற்கு அடுத்த நிமிடம் என்று இருந்திருக்கவேண்டும். வங்கி ஓடிபிக்காக சிம்மை முடக்குவது அவசரமே. ஆனால் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம். கூகுள் கணக்கிலிருந்து கைப்பேசியை முதலில் வெளியேற்றுவது அதைவிடப் பெரிய தவறு. கணக்கு இல்லாத கைப்பேசியை Find Hub அழிக்கமுடியாது. கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கினால் மொபைல் நெட்வொர்க் நிற்கும், வைஃபை நிற்காது.

இதெல்லாம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நான் பட்டது. ஐபோனில் செய்து பார்த்ததில்லை. டெலிகிராமின் இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு: சாதாரண உரையாடல்கள் அவர்கள் சர்வரில் இருப்பதால்தான் எந்த ஜன்னலில் இருந்தும் மூட முடிகிறது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வாட்ஸ்ஆப்பில் இருக்கும் இருமுனை மறையாக்கம் அவற்றுக்குக் கிடையாது. அது உறுத்தினால் என் தேர்வு உங்களுக்குச் சரிவராது.

இப்போது வீட்டு அலமாரியில் பழைய டேப்லெட் ஒன்று டெலிகிராம் லாகினோடு இருக்கிறது. ஆறு மாதம் தொடாத கருவியை டெலிகிராம் தானாகவே வெளியேற்றிவிடும். அதனால் மாதம் பிறந்ததும், மின்கட்டணம் பார்க்கும் அன்று, அதையும் சார்ஜில் போட்டு ஒருமுறை திறந்து மூடுகிறேன்.