தொட்டித் தட்டு: தேய்ப்பதா, மணல் நிரப்புவதா?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டின் ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி நனைந்ததும் பொரியும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் கொசு பறந்துவிடும். ஆகவே சிறு தொட்டிகளுக்கு, வாரம் ஒருமுறை தட்டை எடுத்துத் தேங்காய் நாரால் உள்விளிம்பை அழுத்தித் தேய்ப்பதே மேல். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டி மண்ணிலேயே ஊற்றுங்கள்.

தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் மணல்தான் வழி. தட்டின் விளிம்புவரை பருமணல் நிரப்பினால், வடியும் நீர் அதற்குள் இறங்கிவிடும். கொசுவுக்கு நீர்ப்பரப்பே கிடைக்காது. பாதி நிரப்பினால் பயனில்லை. மழைக்குப் பின் மணல் தாழ்ந்து, மேலே நீர் பளபளத்தால் உடனே மணல் சேருங்கள்.