லண்டனுக்குப் பார்சல்: கூரியரா, கப்பலா?

சென்னையிலிருந்து லண்டனில் இருக்கும் அக்காவுக்கு 9 கிலோ முறுக்கும் அதிரசமும் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பெட்டி 50×40×40 செ.மீ. கூரியரில் கனஅளவை 5000-ஆல் வகுப்பார்கள். 16 கிலோ வரும். எடை, கனஅளவு இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். கிலோ 700 ரூபாய் என்றால் 6,300 அல்ல, 11,200 ரூபாய். முறுக்கைச் சிறிய பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள்.

கப்பலில் கணக்கு பெரும்பாலும் இடத்துக்குத்தான். பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், புத்தகம் போன்ற கனமான பொருள்களுக்கு அதுவே லாபம். ஆனால் ஒரே பெட்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் கேட்பார்கள். லண்டன் துறைமுகச் செலவும் தனியாக வரலாம். இரண்டையும் முன்பே எழுதி வாங்குங்கள். வாரக்கணக்கில் கண்டெய்னர் வெப்பத்தில் கிடந்தால் முறுக்கில் எண்ணெய்ச் சிக்கு வாடை ஏறிவிடும். தின்பண்டத்துக்குக் கூரியர்தான்.

எந்த வழியானாலும் பால்கோவா, நெய் மைசூர்பாகு கூடாது. இந்தியாவிலிருந்து தனிநபருக்கு வரும் பால், இறைச்சிப் பொருள்களுக்கு பிரிட்டனில் தடை, பிடித்தால் அழித்துவிடுவார்கள். அதிரசத்தையும் எண்ணெயிலேயே சுடுங்கள். பட்டியலில் ‘இனிப்பு’ என்று மட்டும் எழுதாமல் ‘அரிசிமாவு, வெல்லம், எண்ணெய்’ என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதுங்கள். பரிசின் மதிப்பு 39 பவுண்டைத் தாண்டினால் அக்கா வரி கட்ட நேரும்.