விடுதிப் பதிவேடுகளைத் தரவுத்தளத்துக்கு மாற்றினோம்: மூன்று கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

தென்மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியின் விடுதியில் துணைக் காப்பாளராக இருக்கிறேன். அறை ஒதுக்கீடு, விடுப்பு, மெஸ் கணக்கு, காஷன் டெபாசிட் ஆகியவற்றை நோட்டுகளிலிருந்து எளிய தரவுத்தளம் ஒன்றுக்கு மாற்றலாம் என்று முதல்வருக்கு இரண்டு பக்க முன்மொழிவு கொடுத்தேன். பயன்படுத்துவது DB Browser for SQLite என்ற இலவச மென்பொருள்தான். தனி சர்வர் கிடையாது. அலுவலகக் கணினியில் ஒரே ஒரு கோப்பு. முதல் இரண்டு கட்டங்கள் ஊன்றிவிட்டன. மூன்றாவது பாதியில் நிற்கிறது.

முன்மொழிவைப் படித்த முதல்வர், பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. “நீங்கள் மாறுதலில் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்? தணிக்கைக்கு வருபவர் கையெழுத்து எங்கே என்று கேட்டால்?” என்று இரண்டு கேள்வி கேட்டார். அதனால்தான் கட்டம் கட்டமாகப் போவது என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பருவம் முழுவதும் நோட்டும் கணினியும் சேர்ந்தே ஓடும் என்றும் எழுதிச் சேர்த்தோம். எழுத்தருக்கு இது இரட்டை வேலை, முணுமுணுத்தார். ஆனால் பழைய முறையின் ஓட்டைகள் தெரியவந்ததே அந்தப் பருவத்தில்தான்.

முதல் கட்டம் மாணவர் பட்டியலும் அறை ஒதுக்கீடும். மாணவரை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பெயரை நம்ப முடியாது: சான்றிதழில் ‘கார்த்திக் மு’, விண்ணப்பத்தில் ‘எம். கார்த்திக்’, மெஸ் நோட்டில் வெறும் ‘கார்த்தி’. பல்கலைக்கழகப் பதிவெண்ணோ, முதலாண்டு மாணவர் விடுதிக்கு வந்து பல வாரங்கள் கழித்துத்தான் கிடைக்கும். ஆகவே பெட்டி படுக்கையோடு வரும் அன்றே H24-017 என்பதுபோல நாங்களே ஓர் எண் கொடுத்துவிடுகிறோம். பதிவெண் வந்தபின் தனி நெடுவரிசையில் ஏறும்.

இரண்டாவது முடிவு, அறை எண்ணை மாணவர் அட்டவணையில் வைக்காமல், ஒதுக்கீட்டுக்கென்று தனி அட்டவணை போட்டது. எந்த மாணவர், எந்தக் கட்டில், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு ஒதுக்கீடும் ஒரு வரி. இன்னும் தங்கியிருந்தால் கடைசித் தேதி காலியாக இருக்கும். ஒரே கட்டிலில் இருவரை ஏற்றாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு போதும்:

```sql
CREATE UNIQUE INDEX one_bed
ON allotment(bed_id)
WHERE to_date IS NULL;
```

காலியாகாத கட்டிலுக்கு இன்னொரு பெயரைப் போட்டால் `UNIQUE constraint failed` என்று மறுத்துவிடும். இரண்டு பேர் அறை மாற்றிக்கொள்ளும்போது எழுத்தருக்கு முதலில் இது தலைவலியாக இருந்தது. இருவரின் பழைய வரிகளுக்கும் கடைசித் தேதி போட்டு மூடியபிறகே புதிய வரிகளைச் சேர்க்க வேண்டும் என்ற வரிசை பழகியதும் சரியாகிவிட்டது.

இதன் பயன் ஆண்டு முடிவில்தான் புரிந்தது. ஓர் அறையில் மின்விசிறி ரெகுலேட்டர் உடைந்ததாகப் பிப்ரவரியில் எலக்ட்ரீஷியன் குறிப்பு எழுதியிருந்தார். ஏப்ரலில் நோ டியூஸ் கையெழுத்துக்கு வந்த மாணவர்களில் ஒருவர், “நான் மார்ச்சில்தான் இந்த அறைக்கு வந்தேன் சார்” என்றார். பழைய நோட்டில் அறை மாறினால் பெயரை அடித்துவிட்டு மேலே புதுப்பெயரை எழுதுவோம், தேதி இருக்காது. அப்போதெல்லாம் கடைசியாக இருந்தவர் தலையில்தான் செலவு விழும். இப்போது பிப்ரவரி 10 அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டதும் மூன்று பெயர் வந்தது. அவர் சொன்னது உண்மை. பிடித்தம் மூவருக்குப் போனது.

இரண்டாம் கட்டம் மெஸ். எங்கள் விடுதியில் டிவைடிங் முறை: மாதச் செலவை, எல்லா மாணவரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம். ஒரு மாதச் செலவு 4,86,000 ரூபாய், மொத்த நாட்கள் 5,400 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 90 ரூபாய். தொடர்ந்து ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குக் கழிவு உண்டு என்பது விதி.

இரண்டு முறையும் சேர்ந்து ஓடிய பருவத்தில் இரு கணக்கும் ஒத்துப்போகவில்லை. கணினிதான் தவறு என்று எழுத்தர் உறுதியாகச் சொன்னார். ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். ஒரு மாணவர் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 2 வரை ஊருக்குப் போயிருந்தார்; ஆறு நாள். நோட்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஜனவரி நோட்டில் நான்கு நாள், பிப்ரவரி நோட்டில் இரண்டு நாள். இரண்டும் ஐந்துக்குக் குறைவு, கழிவு பூஜ்யம். விதி ‘தொடர்ந்து’ என்கிறதே தவிர ‘ஒரே மாதத்துக்குள்’ என்று சொல்லவில்லை. மாத முடிவைத் தாண்டிய விடுப்புகள் எல்லாம் எத்தனை வருடமாக இப்படிப் போயினவோ! தரவுத்தளத்தில் விடுப்பு ஒரே வரி. முதலில் மொத்த நாளைப் பார்த்துத் தகுதியை முடிவுசெய்கிறது. பிறகுதான் நான்கு, இரண்டு என்று மாதங்களுக்குப் பிரித்துக் கழிக்கிறது.

இப்படி எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். `julianday(to_date) - julianday(from_date)` என்று கழித்தால் ஐந்துதான் வரும். முதல் நாளும் சேரவேண்டும் என்பதால் ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் சரியாக ஐந்து நாள் போனவர்கள் அத்தனை பேரும் கழிவை இழப்பார்கள். இன்னொன்று: கழிவு கூடினால் வகுக்கும் நாட்கள் குறைந்து மற்றவர்களின் கட்டணம் சற்றே ஏறும். மாணவர் மெஸ் குழுவிடம் இதை முன்பே சொல்லிவிட்டதால் சண்டை வரவில்லை.

குறைகளும் உண்டு. DB Browser-இல் `Write Changes` அழுத்தும்வரை எதுவும் கோப்பில் ஏறாது. எழுத்தர் அழுத்தாமல் சாப்பிடப் போய்விட்டால், நான் வேறொரு சாளரத்தில் திறந்து எதையும் சேர்க்க முடியாது. `database is locked` என்றுதான் வரும். வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து எழுதுவதற்கும் இது ஏற்றதல்ல, கோப்பே கெட்டுப்போகலாம். ஒரு கணினி, ஒரு நாற்காலி என்று வைத்துக்கொண்டோம். கடவுச்சொல்லும் இயல்பாகக் கிடையாது. கோப்பைப் பென்டிரைவில் எடுத்தவருக்கு எல்லாப் பெற்றோரின் கைபேசி எண்ணும் கிடைத்துவிடும். அதனால் ஆதார், சாதிச் சான்று, மருத்துவக் குறிப்பு எதையும் ஏற்றுவதில்லை. விடுதி நடத்த அவை தேவையும் இல்லை.

வாயிலில் உள்ள வெளியேறும் பதிவேட்டையும் மாற்றலாமே என்று முதல்வர் கேட்டார். அதைக் கூடாது என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். மாலை ஆறு மணிக்கு நாற்பது பேர் ஒன்றாக உள்ளே வருவார்கள். காவலர் ஒவ்வொருவரையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் வரிசை பஸ் நிறுத்தம் வரை நீளும். மேலும், பெற்றோர் வந்து கேட்கும்போது மகனின் சொந்தக் கையெழுத்தைக் காட்ட முடிவது அந்த நோட்டில் மட்டும்தான்.

மூன்றாம் கட்டம், காஷன் டெபாசிட் திருப்பித் தருவது. பிடித்தம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணினி சொல்லிவிடுகிறது. ஆனால் கணக்குப் பிரிவு கையெழுத்திட்ட தாளைத்தான் ஏற்கிறது. ஆகவே பட்டியலை அச்சிட்டு, மாணவர், எழுத்தர், காப்பாளர் மூவரும் கையெழுத்திட்டு, கோப்பில் கட்டிக் கொடுக்கிறோம். பழைய நோட்டு மட்டும் போய்விட்டது. அச்சிட்ட தாளையே பதிவேடாக ஏற்கும்படி முதல்வரின் கையொப்பத்துடன் கணக்குப் பிரிவுக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.