தசையை அளக்க இரத்தக் கிரியாட்டினினா, 24 மணி நேரச் சிறுநீரா?

சிறுநீரக நோயாளிகளின் தசை இழப்பைக் கவனிக்க ஸ்கேன் வசதி இல்லாத நிலையில், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் தேர்ந்தெடுத்தது சிறுநீர்.

தசையிலுள்ள கிரியாட்டின் என்ற பொருளில் ஏறத்தாழ 1.7 சதவீதம் நாள்தோறும் கிரியாட்டினின் என்ற கழிவாக மாறி வெளியேறுகிறது. இரத்தத்தில் நாம் பார்க்கும் அளவு, தசை உண்டாக்குவதையும் சிறுநீரகம் கழிப்பதையும் சேர்த்துக் காட்டும் ஒற்றை எண். சிறுநீரகம் பழுதானால் அது ஏறும். தசை கரைந்தால் இறங்கும். நோயாளி மெலிந்துகொண்டிருக்கையில் அளவு குறைந்தால், சிறுநீரகம் தேறிவிட்டதாகவே தோன்றும். இதைச் சரிக்கட்ட, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் புரதத்துடன் விகிதம் பார்ப்பதுண்டு. ஸ்டீராய்டு மருந்தும் தைராய்டு கோளாறும் அந்த விகிதத்தையும் குலைத்துவிடும்.

சிறுநீரில் நாள் முழுவதும் வெளியேறியதையே அளக்கிறோம். காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு, அடுத்த நாள் அதே நேரத்துச் சிறுநீர்வரை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் தசை குறைந்துபோனதாகக் கணக்கு காட்டும். அதனால் இரண்டு முறை சேகரிக்கச் சொல்வேன். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் ஒன்று அரைகுறை என்று கொள்வேன். சமைத்த இறைச்சியிலும் கிரியாட்டினின் இருப்பதால், சேகரிப்புக்கு முந்தைய சில நாட்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. சிறுநீரகம் தளரும்போது கிரியாட்டினினின் ஒரு பகுதி குடலுக்குள் சென்று, பாக்டீரியாக்களால் சிதைக்கப்படுகிறது. இரத்தத்தில் அளவு ஏற ஏற இந்த இழப்பும் கூடும். சிறுநீரை மட்டும் நம்பினால் தசையைக் குறைத்து மதிப்பிடுவோம். ஆனால் இந்த இழப்பை ஓரளவு கணக்கிட்டுச் சேர்க்க முடியும்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.38 டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் இப்படிப் போவதாகக் கொள்கிறார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராம். நாள் முழுவதுமான சிறுநீரில் 800 மில்லிகிராம். குடலில் போனது:

0.38 × 60 × 6 ≈ 137 மி.கி.

மொத்தம் 937. தசை எடைக்கு இந்தச் சூத்திரம் உண்டு:

தசை (கிலோ) = 18.9 × கிரியாட்டினின் (கிராம்/நாள்) + 4.1

சிறுநீரை மட்டும் வைத்தால் 19.2 கிலோ, திருத்தினால் 21.8 கிலோ. இடைவெளி 2.6 கிலோ. இரத்த அளவு 2 ஆக இருந்திருந்தால் இடைவெளி ஒரு கிலோவைத் தாண்டியிருக்காது. ஆக, நோய் முற்றும்போது திருத்தாத கணக்கு, கரையாத தசையையும் கரைந்ததாகக் காட்டும்.

இந்தச் சூத்திரம் இறைச்சி இல்லாத உணவு உண்ட ஆரோக்கியமானவர்களிடமிருந்து பெறப்பட்டது, 0.38 என்பதும் சராசரிதான், ஒவ்வொருவரின் குடலுக்கும் அது மாறும். ஆகவே 21.8 என்ற எண்ணை அப்படியே நம்புவதில்லை; அதே ஆளுக்கு அதே முறையில் சில மாதங்கள் கழித்து எடுத்து, போக்கைத்தான் பார்க்கிறேன்.

டயாலிசிஸில் சிறுநீரே வராதவர்களிடம் இந்த வழி இல்லை. அவர்களுக்கு டயாலிசிஸுக்கு முந்தைய இரத்த அளவு தசையைப் பற்றி ஓரளவு சொல்லும். அதில் என் அனுபவம் குறைவு.