வேலை தேடாதவருக்கு முதல் செய்தி: மூன்று வரைவுகள், ஓர் ஒப்பீடு

கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஃபர்ம்வேர் பொறியாளர் ஒருவர் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேடலில் ஒருவர் தென்படுகிறார். ஓசூரில் மின் இருசக்கர வாகனத் தயாரிப்பில் ஏழு ஆண்டுகளாக இருப்பவர். பேட்டரி மேலாண்மை அமைப்புக்கு மென்பொருள் எழுதுபவர். லிங்க்ட்இன் பக்கத்தில் வேலை தேடுவதாக எந்த அறிகுறியும் இல்லை. நௌக்ரியில் உள்ள ரெஸ்யூமேயோ பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. இவருக்கு ஓர் ஆள்சேர்ப்பாளர் எழுதும் முதல் செய்தி எப்படி இருக்க வேண்டும்? நடைமுறையில் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகின்றன என்றாலும், மொழி எதுவானாலும் கட்டமைப்பு ஒன்றுதான் என்பதால், வழக்கத்தில் உள்ள மூன்று வகைகளைத் தமிழிலேயே எழுதி அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. பதில் எதுவும் எழுதாமல், அந்தச் செய்தியைப் படித்த மாத்திரத்தில், இது தமக்கு ஏற்றதா இல்லையா என்று அவரால் தீர்மானிக்க முடிகிறதா? வேலை தேடுபவர் விவரம் குறைவாக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வார், ஏனென்றால் தேவை அவருடையது. இங்கே தேவை நம்முடையது; கேள்வி கேட்கும் உழைப்பையும் அவர் தலையில் ஏற்றினால் அவர் திரையை அணைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

முதல் வரைவை அறிவிப்பு வகை எனலாம். நிறுவனத்தின் வரலாறு ஒரு பத்தி, பொறுப்புகள் பன்னிரண்டு வரி, தேவையான தகுதிகள் பத்து வரி என, ஜே.டி. எனப்படும் பணி விவரக் குறிப்பு முழுவதையும் ஒட்டி, மேலே ஒரு வணக்கமும் கீழே ஒரு நன்றியும் சேர்த்தது. இதில் எதுவும் மறைக்கப்படவில்லை என்பது இதன் ஒரே நன்மை. ஆனால் ஜே.டி. என்பது விண்ணப்பிக்க முடிவு செய்தவருக்காக எழுதப்படுவது; நிறுவனத்துக்கு என்ன வேண்டும் என்று அது சொல்லுமே தவிர, இத்தனை பேர் இருக்க இவருக்கு ஏன் எழுதினோம் என்று சொல்லாது. கைப்பேசியில் நான்கைந்து முறை நகர்த்திய பிறகே சம்பளமோ ஊரோ கண்ணில் படும், அதுவும் எழுதப்பட்டிருந்தால். முன் அறிமுகம் இல்லாதவருக்கும் எழுத லிங்க்ட்இன் தரும் செய்தி வசதியான இன்மெயிலில் ஏறத்தாழ 1,900 எழுத்துக்குறிகள் வரை எழுத இடம் உண்டு என்பதற்காக அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. நானூறு குறிகளுக்கு உட்பட்ட இன்மெயில்களுக்கே சராசரியைவிடக் கூடுதலாகப் பதில் வருகிறது என்று அந்தத் தளமே தன் தரவுகளைக் கொண்டு சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, தூண்டில் வகை. நம் ஊரில் மிகப் பரவலானது இதுதான்:

"வணக்கம். உங்கள் ப்ரொஃபைல் எங்களை மிகவும் கவர்ந்தது. முன்னணி நிறுவனம் ஒன்றில் உங்களுக்குப் பொருத்தமான அருமையான வாய்ப்பு உள்ளது. தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் ஆகிய விவரங்களுடன் ரெஸ்யூமேயை இன்றே அனுப்பவும்."

சுருக்கம் என்ற வகையில் இதில் குறை காண முடியாது. ஆனால் சுருக்கமும் மரியாதையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. தன்னைப் பற்றி ஒரு விவரமும் தராத ஒருவர், எதிரில் இருப்பவரிடம் நான்கு விவரங்களைக் கேட்கிறார்; அவற்றில் ஒன்று சி.டி.சி. எனப்படும் அவருடைய ஆண்டுச் சம்பளம். "இன்றே" என்ற சொல்லில் உள்ள அவசரம் ஆள்சேர்ப்பாளரின் இலக்குக்கு உரியது, பெறுபவருக்கு அதில் ஒரு தொடர்பும் இல்லை. நோட்டீஸ் பீரியட் கேட்பது இன்னும் வேடிக்கை. மூன்று மாத நோட்டீஸ் வழக்கமாகிவிட்ட துறைகளில் அது நிறுவனத்துக்கு முக்கியமான கேள்விதான். ஆனால் விலகும் எண்ணமே இல்லாதவரிடம் விலக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பது வரிசை தவறிய கேள்வி.

இந்த வகையை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: மறைத்து எழுதினால் ஆர்வம் தூண்டப்பட்டு அதிகம் பேர் பதில் எழுதுகிறார்கள் என்பார்கள். அது சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வந்த பதில்களைத் திறந்து பார்த்தால் "எந்த நிறுவனம்?", "எந்த ஊர்?", "பட்ஜெட் என்ன?" என்பவையே பெரும்பகுதியாக இருக்கும். செய்தியில் இருந்திருக்க வேண்டியதைக் கேட்கும் இந்தப் பதில்களை ஒரு புறமும், பணியைப் பற்றி மேற்கொண்டு பேசும் பதில்களை மறுபுறமும் பிரித்து எண்ணினாலே தூண்டிலின் உண்மையான பலன் தெரிந்துவிடும். கோவை என்று சொன்னதும் விலகிக்கொள்ளப் போகிறவரை இரண்டு நாள் உரையாடலில் வைத்திருப்பது இரு தரப்புக்கும் வீண் வேலை.

மூன்றாவது வரைவு இது:

"வணக்கம். பேட்டரி மேலாண்மையில் செல் பேலன்சிங் மென்பொருளை எழுதியதாக உங்கள் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; அந்த அனுபவத்துக்காகவே உங்களுக்கு எழுதுகிறேன். கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கும் எங்கள் நிறுவனம், நான்கு பேர் கொண்ட ஃபர்ம்வேர் குழுவுக்குத் தலைமையேற்க ஒருவரைத் தேடுகிறது. ஆண்டுக்கு 24 முதல் 30 லட்சம், அதில் பத்து சதவீதம் செயல்திறன் சார்ந்தது. வாரம் ஐந்து நாளும் அலுவலகத்தில் வேலை. நீங்கள் வேலை தேடவில்லை என்பதை அறிவேன். கேட்க விருப்பம் இருந்தால் விவரம் அனுப்புகிறேன். இல்லையென்றால் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும், இந்தப் பணி குறித்து மீண்டும் எழுத மாட்டேன்."

கீழே எழுதுபவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் பெயர். நானூறு குறிகளைத் தாண்டினாலும் கைப்பேசியில் பெரிதாக நகர்த்தாமல் படித்துவிடலாம்.

என் தேர்வு இந்த மூன்றாவதுதான். அதன் ஒவ்வொரு வரியும் விவாதத்துக்கு உரியது என்பதால் சிலவற்றைச் சற்று நின்று பார்க்கலாம். முதலில் வரிசை. வேலை தேடவில்லை என்று அறிந்தே எழுதுவதாகச் சொல்லும் பணிவான வாக்கியத்தைத் தொடக்கத்தில் வைக்கவே கை போகும். ஆனால் கைப்பேசி அறிவிப்பில் தெரிவது முதல் சில சொற்கள் மட்டுமே. அந்த இடத்தை நலம் விசாரிப்புக்கோ மன்னிப்புக்கோ கொடுத்துவிட்டால், இது நூறு பேருக்குப் போன செய்தி அல்ல என்பதற்கான ஒரே சான்று கீழே புதைந்துவிடும். "உங்கள் ப்ரொஃபைல் கவர்ந்தது" என்பது யாருக்கும் பொருந்தும். "செல் பேலன்சிங்" என்பது இவருக்கு மட்டுமே பொருந்தும்.

அந்தக் குறிப்பிட்ட விவரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் ஓர் எல்லை உண்டு. அவர் தொழில் நிமித்தம் பொதுவெளியில் தாமே வைத்தது, அதாவது பக்கத்தில் எழுதிய பணி, கருத்தரங்கில் பேசிய தலைப்பு, காப்புரிமை போன்றவை, தாராளமாகக் குறிப்பிடத்தக்கவை. அவர் கோவைக் கல்லூரியில் படித்ததைக் கண்டு "சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப நல்ல வாய்ப்பு" என்று எழுதுவது வேறு. ஊகம் சரியாகவே இருந்தாலும் தம் குடும்பச் சூழலை முன்பின் தெரியாத ஒருவர் அலசியிருக்கிறார் என்ற சங்கடம் மிஞ்சும். பணி கோவையில் என்று மட்டும் சொன்னால் போதும். ஊருக்குத் திரும்ப நினைப்பவர் அதைத் தாமே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது சம்பளம். எண்ணைச் சொன்னால் பேரம் பேசும் இடம் போய்விடும் என்ற தயக்கம் நிறுவனங்களிடம் உண்டு. எனினும் நிலையான வேலையில் இருப்பவருக்கு வேலையை மாற்றுவது, குழந்தையின் பள்ளி முதல் வீட்டு வாடகை வரை எல்லாவற்றையும் மாற்றுவது என்பதால், அந்த எண் இல்லாமல் அவரால் எதையும் எடைபோட முடியாது. முழு வரம்பையும் சொல்ல அனுமதி இல்லையென்றால் "24 லட்சத்துக்குக் குறையாது" என்று கீழ்வரம்பை மட்டுமாவது சொல்லலாம். சி.டி.சி.யில் எவ்வளவு உறுதி, எவ்வளவு செயல்திறன் சார்ந்தது என்று பிரித்துச் சொல்வது, பின்னால் ஆஃபர் கடிதம் வரும்போது ஏற்படும் கசப்பைத் தவிர்க்கும். அலுவலகத்துக்கு ஐந்து நாளும் வர வேண்டும் என்ற பாதகமான விவரத்தையும் முதலிலேயே சொன்னது இதே காரணத்துக்காகத்தான்.

நிறுவனத்தின் பெயரில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நிறுவனத்தின் சொந்த ஆள்சேர்ப்பாளர் பெயரை மறைக்கப் பெரும்பாலும் காரணமே இல்லை. வெளியிலிருந்து தேடித்தரும் கன்சல்டன்சி நிலை வேறு: ஆள் சேர்ந்தால்தான் கட்டணம், பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். பெயரைச் சொன்னால் அவர் நேரடியாக விண்ணப்பித்துவிடுவாரோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் கோவையில் மோட்டார் கன்ட்ரோலர் என்று சொன்ன பிறகு துறையில் இருப்பவர் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ஊகித்துவிடுவார் என்பதையும் பார்க்க வேண்டும். என் கருத்தில், பெயரை வெளியிட வாடிக்கையாளர் தடை விதித்திருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, விருப்பம் தெரிவித்ததும், ரெஸ்யூமே கேட்பதற்கு முன்பே, பெயரைத் தந்துவிடுவதாக எழுதுவது நேர்மையான நடுவழி. இதில் பெறுபவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: தம் இப்போதைய நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்கே தம் ரெஸ்யூமே போய்ச் சேரும் ஆபத்து இல்லாமல் போகிறது.

"வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு வழிவிடுவது வாய்ப்பை நாமே கெடுத்துக்கொள்வது போலத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. இன்மெயில் கிரெடிட் ஒன்றைச் செலவழித்து அனுப்பும் செய்திக்கு, 90 நாட்களுக்குள் ஏற்பாகவோ மறுப்பாகவோ பதில் வந்துவிட்டால் அந்த கிரெடிட் திரும்பக் கிடைக்கிறது. பதிலே வராவிட்டால்தான் இழப்பு.

அனுப்பும் வழியைப் பொறுத்தவரை நீண்ட ஒப்பீடு தேவையில்லை. அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு ஒருபோதும் எழுதக் கூடாது, அந்த அஞ்சல்பெட்டி அவருடைய முதலாளிக்குச் சொந்தமானது. பழைய ரெஸ்யூமேயில் உள்ள எண்ணுக்கு வேலை நேரத்தில் அழைத்தால், பக்கத்து இருக்கையில் மேலாளர் இருக்கும்போது "தப்பான நம்பர்" என்று சொல்லித் துண்டிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். முன் அறிமுகம் இல்லாத வாட்ஸ்அப் செய்தி, போலி வேலைவாய்ப்பு மோசடிகள் மலிந்த இந்நாளில், சந்தேகத்துடனேயே படிக்கப்படும். எழுதுபவர் யார் என்று சரிபார்க்க வசதியுள்ள இன்மெயிலோ தனிப்பட்ட மின்னஞ்சலோதான் பொருத்தம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை எழுதலாம், அதுவும் சொல்வதற்குப் புதிதாக ஏதேனும் இருந்தால் மட்டும். "இப்போது இல்லை, ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதை நாசூக்கான மறுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் நாட்டில் பல நிறுவனங்களில் ஆண்டு மதிப்பீடும் போனஸும் நிதியாண்டு முடிவை ஒட்டியே வருவதால், கைக்கு வர வேண்டிய தொகையை விட்டுவிட்டு யாரும் மார்ச்சில் விலக விரும்புவதில்லை. நன்றி சொல்லி, எழுதப் போகும் மாதத்தையும் குறிப்பிட்டுவிட்டு, மே மாதத்தில் அதே உரையாடலின் தொடர்ச்சியாக எழுதினால், பழைய செய்தி மேலேயே இருப்பதால் அறிமுகத்தை மறுபடி எழுத வேண்டியிருக்காது.