கேட்டலாக் போட்டோவுக்குக் கொடுத்த 18,000 ரூபாய் போச்சு, நகைக்கடை வச்சிருக்கவங்க படிங்க

மக்களே, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வடசேரிப் பக்கம் எங்களுக்குச் சின்னக் கடை, பரதநாட்டியத்துக்கான கெம்புக்கல் செட் விற்கிறோம். ஆன்லைனில் வெறும் வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, போட்டால் எப்படி இருக்கும் என்றுதான் கேட்கிறார்கள். அதனால் நகைப் படத்தையும் ஒரு மாடல் படத்தையும் அனுப்பினால் மாடல் போட்டிருப்பது போலச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு ஆன்லைன் சர்வீஸில் கொடுத்தேன். படத்துக்கு 300 ரூபாய், 60 படம், 18,000.

நம்ப வைத்தது அந்த சாம்பிள்தான். எங்கள் அட்டிகையில் ஒரு கல் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும். சாம்பிளிலும் அதே இடத்தில் அதே கறுத்த கல். கழுத்தில் விழும் நிழல்கூட மாடலின் மூக்கு நிழல் விழுந்த பக்கமே விழுந்திருந்தது. நம் நகையின் படத்தையே ஓரம் வெட்டி எடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "அக்கா, 60-ம் இதே மாதிரி பக்காவா வரும்" என்றான் அந்தப் பையன். பாதிப் பணம் அன்றே அனுப்பினேன், மீதியை ஃபைல் இறக்கும் முன் வாங்கிக்கொண்டார்கள்.

வந்த படங்களில் ஒன்றுகூட நம் நகை இல்லை! ஏஐ-யில் போட்டு நகையையே புதிதாக வரைந்திருக்கிறார்கள். போனில் சின்னதாகப் பார்த்தால் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது, பெரிதாக்கினால்தான் தெரிகிறது. எங்கள் பதக்கத்தில் கஜலட்சுமி, நான்கு கை, இரண்டு பக்கமும் யானை. அவர்கள் படத்தில் லட்சுமிக்கு இரண்டு கை, யானை இருந்த இடத்தில் ஏதோ பூ. கறுத்த கல்லையும் காணோம். கல்லை எண்ணினால் வரிசைக்கு வரிசை வேறு. இதைப் பார்த்து வாங்குகிறவர் கையில் வேறு நகை கிடைத்தால் பழி கடைக்குத்தானே?

அளவு அதைவிட மோசம். வெள்ளைத் துணியில் இருக்கும் நகைக்கு அளவு தெரியாது என்பதால் ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதித்தான் அனுப்பினேன். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இருக்கும், நேராகப் பார்க்கும் முகத்தில் அதை வைத்தே சரிபார்க்கலாம். எங்கள் ஜிமிக்கி இரண்டரை செ.மீ., அதாவது அந்த இடைவெளியில் பாதிகூட வரக்கூடாது. படத்தில் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. வாங்கியவர்கள் "படத்துல பெருசா இருந்துச்சே" என்று திருப்பி அனுப்ப, கூரியர் காசும் நம் தலையில்.

பிறகு தக்கலையிலிருந்து ஒரு டான்ஸ் டீச்சர் போன் செய்தார். "சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தியளா?" என்றார். தலையில் வைக்கும் சூரியன், சந்திரன் நகையைச் சொல்கிறார்: ஆடுகிறவருக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். நிறைய படங்களில் அது மாறியிருந்தது. ஒரே மாடல் படம் பல மாதிரி தெரிய வேண்டும் என்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சேலை முந்தானையே வலது தோளில் கிடக்கிறது, அதைக்கூடவா பார்க்க மாட்டார்கள்? நாட்டியக்காரர்களுக்கு விற்கிற கடையின் மானம் போக அந்த ஒரு படம் போதும்.

கேட்டால், முதலில் "டீம்கிட்ட சொல்லிருக்கேன் அக்கா". அப்புறம் "உங்க போட்டோ குவாலிட்டி சரியில்லை". அதே போட்டோவில்தானே சாம்பிள் செய்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. அப்புறம் "படம் ஒரு ரெஃபரன்ஸுக்குத்தான், நகை அப்படியே வரும்னு சொல்லலையே" என்று ஒரு மெசேஜ். இப்போது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. 18,000 ரூபாய், ஆடி மாதம் வியாபாரம் இல்லாத நேரத்தில் சேர்த்து வைத்த 18,000.

என்ன செய்யணும்னு விவரமா எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நுணுக்கமான நகையை சாம்பிளுக்குக் கொடுங்கள், அட்டிகை மாதிரி தட்டையானதைக் கொடுக்காதீர்கள். நகை வரையப்படாது, எடுத்த படமே வெட்டி வைக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் படத்தையும் பெரிதாக்கிக் கல் எண்ணிப் பார்க்காமல் மீதிப் பணம் அனுப்பாதீர்கள், வாட்டர்மார்க்கோடு தரச் சொன்னால் போதும். முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன், இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் மெசேஜை எல்லாம் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.